மருந்துத் துண்டின் படமும் வீட்டு மணியும்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்க்க வந்திருந்த பெற்றோருக்கும் ஒரு மருந்தாளர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.



என்னை மருந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மருந்து என்றால் அது கடல். நான் அதிலே ஒரு செம்புத் தண்ணியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டைப் போனிலே படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து, அம்மா எந்த நேரம் எந்தக் குளிசையைப் போட வேண்டும் என்று ஓர் அட்டவணை எழுதி, போனிலே மணி அடிக்க வைக்கிறீர்கள். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்குக் காலத்திலே துண்டைப் படம் பிடித்து பார்மசிக்கு அனுப்புகிற பழக்கம் நன்றாகப் பரவிவிட்டது. ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது. நல்ல பழக்கந்தான். ஆனால் படத்திலிருந்து அட்டவணைக்குப் போகிற வழியிலே ஒன்றிரண்டு இடத்திலே கால் வழுக்கும். எங்கே வழுக்கும் என்பதை ஒரு நடந்த கதையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை இரவு. நான் கடையைப் பூட்ட ஆயத்தமாகிற நேரம் ஒரு தம்பி ஓடி வந்தார். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையிலே வேலை, சொந்த ஊர் அட்டன் பக்கம் ஒரு தோட்டம். கையிலே ஒரு வெற்று மருந்துப் பை. அதிலே பெயரும் அளவும் இருந்தது.

“அண்ணே, இந்தக் குளிசை ஒரு நூறு வேணும். அம்மாவுக்கு ஒரு மாசத்துக்கு எழுதியிருக்கு. ஆனா நாலு நாளைக்குத்தான் குடுத்திருக்காங்க” என்றார்.

பையைப் பார்த்தேன். மெத்தோட்ரெக்சேட், 2.5 மில்லிகிராம், 16 குளிசை. எனக்குத் திக்கென்றது. “தம்பி, அம்மா இதைப் போட ஆரம்பிச்சிட்டாங்களா?” என்று கேட்டேன். இல்லை, அம்மா கொட்டாஞ்சேனையிலே தங்கச்சியின் அறையிலே இருக்கிறார், நாளைக் காலையிலே ஊருக்கு பஸ் ஏறுகிறார், அங்கே போய்த்தான் தொடங்குவார் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஒரு பலமான மருந்து. மூட்டுவாதத்துக்கு இதை வாரத்திலே ஒரு நாள் மட்டுந்தான் போடுவார்கள். தினமும் போட்டால் உடம்பிலே புது இரத்தம் ஊறுவது குறைந்து போகும். வாய் முழுக்கப் புண் வரும், காய்ச்சல் வரும், தோலிலே இரத்தம் கண்டிப்போகும். உயிரே போகலாம். வெளிநாடுகளிலும் படித்த மனிதர்களுக்கே வாரக் குளிசையை தினக் குளிசையாக நினைத்து இப்படி நடந்திருக்கிறது. ஆகவே இது தோட்டத்துச் சனங்களின் அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

“படத்தைக் காட்டுங்க” என்றேன். தம்பி போனை நீட்டினார். அது வட்ஸ்அப் உரையாடலை அப்படியே பிடித்த ஸ்கிரீன்ஷொட். கிளினிக்குக்கு அம்மாவோடு போனவர் தங்கச்சி. அவர் துண்டை ஒழுங்காக, முழுதாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். தம்பி மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலே அவசரத்திலே படத்தைத் திறக்காமல், உரையாடலிலே தெரிகிற சின்னப் பெட்டியையே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். உரையாடலிலே தெரிகிற அந்தச் சின்னப் பெட்டியிலே படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரியலாம். வலது பக்கக் கரையிலே இருந்த ஒரு சொல் போய்விட்டது. அடியிலே இருந்த வரி பாதி மறைந்துவிட்டது. போன அந்தச் சொல்தான் “வாரத்துக்கு ஒரு தடவை” என்று சொல்கிற சொல்.

மூலப் படத்தைத் திறந்து பார்த்தோம். துண்டிலே இருந்தது இதுதான்:

```
Thyroxine 50 mcg      mane   ac
Metformin 500 mg      bd     pc
Losartan 50 mg        mane
Atorvastatin 20 mg    nocte
Methotrexate 10 mg    weekly - Wed
Folic acid 5 mg       weekly - Sun
1/12
```

ஆகவே முதல் வேலை இது. படத்தைத் தொட்டுத் திறந்து, முழுத் திரையிலே பாருங்கள். துண்டின் நாலு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை தெரியாவிட்டாலும் அந்தப் படத்தை வைத்து அட்டவணை எழுதக் கூடாது. மேலே பெயர் அம்மாவின் பெயர்தானா, திகதி இந்த மாதத் திகதிதானா என்றும் பாருங்கள். போனிலே பழைய கிளினிக் துண்டுகளின் படங்களும் கிடக்கும். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கடதாசி, ஒரே மாதிரி எழுத்து. போன மாதத்துத் துண்டை எடுத்து இந்த மாதத்துக்கு அட்டவணை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தச் சின்னச் சின்ன எழுத்துக்கள். இவை லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கம். டொக்டர்மார் பழைய காலந்தொட்டு இப்படித்தான் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. `mane` என்றால் காலை. `nocte` என்றால் இரவு. `bd` என்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, `tds` என்றால் மூன்று தடவை. `ac` சாப்பாட்டுக்கு முன், `pc` சாப்பாட்டுக்குப் பின். `sos` அல்லது `prn` என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும் போடுவது. அதற்கு மணி வைக்கவே கூடாது. மணி அடித்தால் வலி இல்லாத நாளிலும் வலிக் குளிசையைப் போட்டுவிடுவோம்.

அடியிலே இருக்கிற `1/12` என்பதிலே நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒருவர் டிசம்பர் முதலாம் திகதி என்று நினைத்தார். இன்னொருவர் 12 மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை என்று நினைத்தார். அது வருஷத்தின் 12 மாதத்திலே ஒரு மாதம் என்பது. அதேபோல `2/52` என்றால் 52 வாரத்திலே இரண்டு வாரம். `5/7` என்றால் ஏழு நாளிலே ஐந்து நாள். கீழே 12 இருந்தால் மாதம், 52 இருந்தால் வாரம், 7 இருந்தால் நாள். இது எத்தனை காலத்துக்கு மருந்து என்பதைச் சொல்கிற கணக்கு. எத்தனை தடவை போட வேண்டும் என்பது இதிலே இல்லை.

இப்போது நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். படத்தை வாசித்து அட்டவணை எழுதியபின், அது சரியா பிழையா என்று கண்டுபிடிக்க உங்கள் கையிலேயே ஒரு தராசு இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற இடத்திலே உங்களை ஏமாற்ற முடியாது, இல்லையா? அதே மாதிரி குளிசையை எண்ணுங்கள்.

தம்பி அன்றைக்குக் கடைக்கு வந்ததே ஓர் எண்ணிக்கையினாலேதான். ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறது, குளிசையோ நாலு நாளைக்குத்தான் வருகிறது. அந்த முரண்பாட்டைக் கண்டது அவருடைய கெட்டித்தனம். அதற்கு அவர் கண்டுபிடித்த காரணந்தான் பிழை. குளிசை குறைவு என்று நினைத்தார். உண்மையிலே குளிசை சரியாக இருந்தது, அட்டவணைதான் பிழை. எண்ணிக்கையும் அட்டவணையும் ஒத்துப் போகவில்லை என்றால், மருந்து வாங்க ஓடாதீர்கள். முதலிலே அட்டவணையைச் சந்தேகியுங்கள்.

சரி, எண்ணிப் பார்ப்போம் என்று தம்பியை அனுப்பி, அம்மாவையும் தங்கச்சியையும் மருந்துப் பைகளோடு கூட்டி வரச் சொன்னேன். அவர்களுடைய அறை இரண்டு ஒழுங்கைக்கு அப்பாலேதான். அம்மா வந்து வாங்கிலே உட்கார்ந்தார். கைவிரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தன. கொழுந்து எடுத்த விரல்கள். இன்னும் மலைக்குப் போகிறாராம்.

அரசாங்க கிளினிக்கிலே கொடுத்த மருந்துகள் கடதாசிப் பையிலே தனித்தனிக் குளிசையாக இருந்தன. மூட்டுவாத மருந்தை மட்டும் வெளியே வாங்கச் சொல்லி, அதை ஒரு பார்மசியிலே வாங்கியிருந்தார்கள். கிளினிக் திகதி சரியாக நாலு கிழமையிலே வருகிறது. அதாவது 28 நாள்.

தைரொக்சின் 28 இருந்தது. காலையிலே ஒன்று, 28 நாள். சரி. லொசார்டான் 28, அதுவும் சரி. மெட்ஃபோர்மின் 56. நாளைக்கு இரண்டு, 28 நாள். சரி. அடுத்தது அடோர்வாஸ்டாட்டின். அதுவும் 56 இருந்தது. தம்பி உடனே, “அப்ப இதுவும் காலையிலே ஒண்ணு, ராத்திரி ஒண்ணா அண்ணே?” என்றார். இல்லை. துண்டிலே இரவு மட்டும் 20 மில்லிகிராம் என்று இருக்கிறது. பையிலே எழுதியிருப்பது 10 மில்லிகிராம் குளிசை. கிளினிக்கிலே அன்று இருந்தது 10தான் போலிருக்கிறது. ஆகவே இரவிலே இரண்டு குளிசையை ஒன்றாகப் போட வேண்டும். பாருங்கள், இரண்டு பையிலும் 56 இருக்கிறது, ஆனால் போடுகிற முறை வேறு. துண்டிலே இருப்பது மருந்தின் அளவு. பையிலே இருப்பது ஒரு குளிசையின் பலம். முதலாவதை இரண்டாவதாலே பிரித்தால்தான் எத்தனை குளிசை என்று வரும்.

மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான். அளவு 10 மில்லிகிராம், குளிசை 2.5. பிரித்தால் நாலு குளிசை. புதன்கிழமை நாலு, நாலு புதன்கிழமை, மொத்தம் 16. கையிலே 16 இருக்கிறது. கச்சிதம். ஃபோலிக் அசிட் 5 மில்லிகிராம் குளிசை நாலு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, நாலு ஞாயிறு. அதுவும் கச்சிதம். அந்த ஃபோலிக் அசிட் மூட்டுவாத மருந்தினாலே வருகிற வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்கத்தான். அதனாலேதான் டொக்டர் அதை வேறு நாளிலே எழுதியிருக்கிறார். இரண்டையும் நாள் மாற்றிப் போட்டுவிட்டால் பெரிய பிழை. இரண்டும் மஞ்சள் நிறக் குளிசையாக வருவதும் உண்டு. நிறத்தை நம்பவே வேண்டாம், பையிலே உள்ள பெயரைப் பாருங்கள்.

ஒரு விஷயம் இடையிலே. இங்கே நாம் மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்கிறோம், கம்பெனிப் பெயரை அல்ல. 1971இலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கி, பேராசிரியர் சேனக பிபிலே அதன் தலைவராக இருந்த காலத்திலேயே நம் நாட்டிலே மருந்தைச் சொந்தப் பெயராலே அழைக்கிற வழக்கத்துக்கு ஊக்கம் கொடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரித் துண்டிலே சொந்தப் பெயர் இருக்கும். வெளிப் பார்மசியிலே பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர் பெரிதாகவும், சொந்தப் பெயர் கீழே சின்ன எழுத்திலும் இருக்கும். அட்டவணையிலே எப்போதும் சின்ன எழுத்துப் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே மருந்தை இரண்டு பெயரிலே இரண்டு தடவை போட்டுவிடுவோம். துண்டிலே பரசிட்டமோல் என்று இருக்கும், வீட்டிலே பனடோல் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும். பிரஷர் மருந்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மருந்தும் அளவும் தெளிவாகிவிட்டது. இனி நேரம். துண்டிலே காலை என்று இருக்கிறதே தவிர, எத்தனை மணி என்று இல்லை. அந்த மணியை வைக்க வேண்டியவர் அம்மாதான், மகன் அல்ல. தம்பி எழுதியிருந்த அட்டவணையிலே காலை மருந்து எல்லாம் எட்டு மணி என்று இருந்தது. வெள்ளவத்தைக் கடைக்காரருக்கு எட்டு மணி காலைதான். தோட்டத்திலே எட்டு மணிக்கு அம்மா மலையிலே நிற்பார், குளிசை லயத்திலே இருக்கும்.

“ஆயா, காலையிலே என்னென்ன செய்வீங்க, வரிசையாச் சொல்லுங்க” என்று கேட்டேன்.

“அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன் தம்பி. அடுப்பப் பத்த வச்சு மொதல்ல தேத்தண்ணி. பேத்தியை எழுப்பி, ரொட்டி தட்டி, ஆறேகாலுக்குத் தின்னுட்டு, ஏழு மணிக்கு முன்ன பெரட்டுக்குக் கெளம்பிருவேன். சாயந்தரம் வந்து, ஏழு ஏழரைக்குச் சோறு. எட்டரைக்குப் படுத்துருவேன்.”

அட்டவணை இதிலேயே இருக்கிறது. ஆனால் அந்த முதல் தேத்தண்ணியிலே ஒரு சிக்கல். தைரொக்சின் வெறும் வயிற்றிலே, வெறும் தண்ணியோடு போட வேண்டிய மருந்து. அதற்குப் பிறகு அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் எதுவும் சாப்பிடக் கூடாது, தேத்தண்ணியும் கூடாது. குடித்தால் மருந்து முழுதாக உடம்பிலே சேராது. ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டும் இரத்தப் பரிசோதனையிலே குறையவில்லை என்று டொக்டர் அளவைக் கூட்டுவார். குறை மருந்திலே அல்ல, தேத்தண்ணியிலே இருக்கும்.

“அப்ப காலையிலே தேத்தண்ணி கெடையாதா?” என்று ஆயா கேட்ட கேள்வியிலே இருந்த கவலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிடைக்கும் ஆயா, கண் விழித்ததும் முதலிலே குளிசை, பிறகு அடுப்பு, ரொட்டி மா பிசைவது, பேத்தியை எழுப்புவது, அதற்குப் பிறகு தேத்தண்ணி என்றேன். ஐந்து மணிக்குக் குளிசை போட்டால் ஐந்தே முக்காலுக்குத் தேத்தண்ணி. அதற்கு ஒத்துக்கொண்டார்.

பிறகு, “வீட்டிலே வேற ஏதும் குளிசை இருக்கா?” என்று கேட்டேன். இதைக் கேட்காமல் அட்டவணையை முடிக்கவே கூடாது. படத்திலே இருப்பது அந்த ஒரு துண்டிலே இருப்பது மட்டுந்தான். ஆயா யோசித்துவிட்டு, எலும்புக்கு என்று வேறு ஓர் இடத்திலே கொடுத்த வெள்ளைக் குளிசை இருக்கிறது, காலையிலே போடுகிறேன் என்றார். கல்சியம். கல்சியமும் இரும்புக் குளிசையும் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். கிளினிக்கிலே அதைச் சொன்னீர்களா என்றால், இல்லை. ஆகவே கல்சியத்தை அடுத்த கிளினிக்கிலே காட்டிக் கேளுங்கள், அதுவரை போடுவதானால் மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும் போடுங்கள் என்று சொன்னேன்.

இங்கே கர்ப்பிணிப் பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கொடுக்கிற இரும்புக் குளிசைக்கும் தேத்தண்ணி ஆகாது. சாயம் இரும்பை உடம்பிலே சேர விடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரண்டு, தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். தேத்தண்ணியிலே வாழ்கிற நமக்கு இது கஷ்டந்தான்.

அன்று இரவு நாங்கள் வைத்த மணி ஐந்து. காலை 5.00க்குத் தைரொக்சின் ஒன்று, வெறும் தண்ணியோடு. காலை 6.15க்கு ரொட்டி சாப்பிட்ட பிறகு மெட்ஃபோர்மின் ஒன்று, லொசார்டான் ஒன்று. இரவு 7.30க்குச் சோற்றுக்குப் பிறகு மெட்ஃபோர்மின் ஒன்று, அடோர்வாஸ்டாட்டின் இரண்டு. இந்த மூன்றும் எல்லா நாளும் அடிக்கும். நாலாவது மணி புதன் மட்டும் இரவு 7.45க்கு மெத்தோட்ரெக்சேட் நாலு. ஐந்தாவது ஞாயிறு மட்டும் அதே 7.45க்கு ஃபோலிக் அசிட் ஒன்று. வார மருந்தை வேண்டுமென்றே கால் மணித்தியாலம் தள்ளி வைத்தேன். தின மருந்தோடு ஒரே மணியிலே சேர்த்தால் கை பழகிப்போய்த் தினமும் எடுத்துவிடும்.

இதற்கு விசேஷமான செயலி ஒன்றும் தேவையில்லை. போனோடு வருகிற மணிக்கூட்டிலேயே அலாரம் வைத்து, பெயர் எழுதுகிற இடத்திலே மருந்தையும் எண்ணிக்கையையும் எழுதலாம். எந்தெந்தக் கிழமை அடிக்க வேண்டும் என்று தொட்டுவிடலாம். புதன் அலாரத்திலே புதன் மட்டுந்தான் நிறம் மாறியிருக்க வேண்டும். அதை இரண்டு பேர் பாருங்கள். அந்த அலாரத்துக்கு இன்டர்நெட்டோ சிக்னலோ வேண்டாம். நம் தோட்டங்களிலே மழைக்குச் சிக்னல் போய்விடும். கொழும்பிலிருந்து மகன் அழைத்து ஞாபகப்படுத்துவான் என்று இருந்தால் அந்த நாளிலே மருந்தும் போய்விடும். மணி வெள்ளவத்தையிலே இருக்கக் கூடாது, லயத்திலே இருக்க வேண்டும். ஆனால் போன் அணைந்திருந்தால் அடிக்காது. இரவிலே அணைத்து வைக்கிற பழக்கம் இருந்தால் விட வேண்டும். அலாரத்தின் சத்தம் தனி, அழைப்பின் சத்தம் தனி. ஆகவே இரண்டு நிமிஷம் தள்ளி ஓர் அலாரம் வைத்து, அடிக்கிறதா என்று காதாலே கேட்டுப் பாருங்கள்.

ஆயாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனாலே ஒரு பெரிய கடதாசியிலே மூன்று கட்டம் கீறினோம். விடியலுக்கு ஒரு தண்ணிச் செம்பு, காலைக்கு ஒரு ரொட்டி, இரவுக்கு ஒரு சோற்றுக் கோப்பை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தப் பையிலிருந்து கீறின அடையாளம். மூட்டு மருந்தின் பை மட்டும் தனி டப்பாவிலே, சிவப்பு நூல் கட்டி. புதன்கிழமை பேத்திதான் டப்பாவைத் திறந்து நாலு எண்ணிக் கொடுக்க வேண்டும், உடனே கடதாசியிலே கோடு போட வேண்டும். கோடு இருந்தால் அந்த வாரம் முடிந்தது. ஆயா மறந்துபோய் மறுபடி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பேத்தி ஏழாம் வகுப்பு. நம்பலாம்.

ஒரு வேளை மருந்து தவறிவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். இது அநேகமாக எல்லா மருந்துக்கும் பொருந்தும். புதன் மருந்து தவறினால் கிளினிக்கையோ தோட்டத்து வைத்திய உதவியாளரையோ கேட்ட பிறகு செய்யுங்கள். அந்த மருந்து போடுகிறவருக்கு வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை நோவு, காரணமில்லாத இரத்தக்கண்டல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல் இவற்றிலே ஒன்று வந்தால் அடுத்த மணிக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பையையும் துண்டையும் கொண்டு போங்கள். இரத்தப் பரிசோதனைக்குத் தந்த திகதியையும் தவற விடாதீர்கள்.

இன்னும் ஒரே ஒரு இடம். அலாரம் தானாக நிற்காது. அடுத்த கிளினிக்கிலே டொக்டர் பிரஷர் மருந்தைக் கூட்டியிருப்பார், சீனி மருந்தை மாற்றியிருப்பார். பழைய அலாரம் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். கிளினிக் முடிந்து வந்த அன்றே பழையவற்றை அழித்துவிட்டு, புதுத் துண்டிலிருந்து புதிதாக எழுதுங்கள். பழையதைத் திருத்தப் போனால் ஒன்று மிஞ்சும். கிளினிக் நாள் போயாவிலே விழுந்தால் திகதி தள்ளிப் போகும், குளிசையோ 28 நாளைக்குத்தான் இருக்கும். அதனாலே குளிசை முடிய ஐந்து நாள் இருக்கும்போது பையை எண்ணிப் பார்க்க ஓர் அலாரம் வையுங்கள். அதையும் சேர்த்தால் ஆறு மணி.

அந்த வாரம் புதன்கிழமை இரவு எட்டு மணிக்குத் தம்பி வெள்ளவத்தையிலிருந்து எனக்குப் பேசினார். அம்மாவிடம் இப்போதுதான் பேசினாராம், மணி அடித்ததாம், பேத்தி நாலு எண்ணிக் கொடுத்துக் கோடும் போட்டுவிட்டாளாம். “ஆனா அண்ணே, காலையிலே தேத்தண்ணிக்கு முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வச்சிட்டீங்கன்னு அம்மா உங்களை ஏசுறாங்க” என்றார்.

இப்போது உங்கள் போன்களை எடுங்கள். துண்டின் படம் வைத்திருப்பவர்கள் முன்னாலே வாருங்கள், முதலிலே நாலு மூலையும் தெரிகிறதா என்று பார்ப்போம்.